பின் எப்போதும் எதிர்பக்கமே விழுகிறது (ஓ.எம்.ஆர்., காரப்பாக்கம்)

காரப்பாக்கத்தான், மார்ச் 3, இரவு 10.40

ஓ.எம்.ஆரில் கிழக்குப் பக்கம், அதாவது கடல் இருக்கிற பக்கம், எங்கள் குடியிருப்பு. கேட்டை ஒட்டிப் போகிற வண்டியெல்லாம் சோழிங்கநல்லூர் நோக்கிப் போகிறவை. கேப் போட்டால் பத்துக்கு ஏழு தடவை டிரைவர் மேற்குப் பக்கம், அடையாறு போகிற பாதையில் வந்து நின்று போன் செய்கிறார். "சார், லொகேஷன்லதான் நிக்கிறேன்." பொய் சொல்லவில்லை, அவர் திரையில் பின் அங்கேதான் இருக்கிறது. நடுவில் மீடியன், அதன் மேல் மெட்ரோ வேலைக்கான நீலத் தகரம். அவர் வடக்கே போய் யூ டர்ன் எடுத்து இந்தப் பக்கம் வர ஒன்றரை கிலோமீட்டர்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். இன்று பிசியோதெரபிக்குப் போக வேண்டும். டிரைவர் கேன்சல் செய்துவிடுவாரோ என்ற பயத்தில் "நானே தாண்டிப் போய்டறேன்" என்று வாக்கரோடு கிளம்பிவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

என் சந்தேகம் இதுதான். டிரைவருக்கு யூ டர்ன் மிச்சமாகட்டும் என்று ஆப்பே வேண்டுமென்று பின்னை எதிர்பக்கம் தள்ளுகிறது. வேறு யாருக்காவது இப்படி நடக்கிறதா? சரி செய்தவர்கள் உண்டா?

பழைய பெருங்குடி, மார்ச் 3, இரவு 11.05

பின் நம்பரை முன்கூட்டியே சொல்லாதீர்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னால் போதும். போனில் கேட்டால் கொடுக்கவே கூடாது. என் மச்சான் போனில் சொல்லி, வேறு யாரோ அந்த டிரிப்பில் போய்விட்டார்கள்.

காரப்பாக்கத்தான், மார்ச் 3, இரவு 11.12

ஐயா, அது நாலு இலக்க பின். நான் கேட்பது மேப்பில் குத்துகிற பின். ஆனாலும் நல்ல அறிவுரை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கோவைக்காரி, மார்ச் 4, காலை 7.30

உங்களுக்கு எதிர்பக்கம்தான் பிரச்சினை. எங்களுக்கு அவினாசி ரோட்டில் மேல்பக்கம், கீழ்பக்கம். மேம்பாலத்துக்குக் கீழே நின்று கேப் போட்டால் சில டிரைவர்கள் பாலத்தின் மேலேயே எங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னை எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை, இரண்டு ரோடும் மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே கிடக்கின்றன. இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

மஞ்சள் போர்டு, மார்ச் 4, மதியம் 2.15

ஒன்பது வருஷமாக இந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன். ஆப் யாருக்கும் சலுகை செய்யாது. எங்களுக்குத் தெரிவது ஒரு நீலக் கோடு, அதன் முனை. முனை எந்தப் பக்கம் முடிகிறதோ அங்கே நிற்போம். கஸ்டமர் எந்தக் கேட்டில் இருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கோடு யூ டர்ன் காட்டினாலும் சில பேர் போட மாட்டார்கள். பின்னுக்குக் கிட்டே வந்துவிட்டால் 'வந்துவிட்டேன்' பட்டனை அழுத்த முடிகிறது. கிட்டே என்பதை ஆப் காக்கை பறக்கிற தூரமாகத்தான் பார்க்கிறது, நடுவில் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. பட்டனை அழுத்தியதும் வெயிட்டிங் ஓட ஆரம்பிக்கும். பிக்கப்புக்கு வருகிற தூரத்துக்கு எங்களுக்குக் கையில் வருவது ரொம்பக் குறைவு. அந்த ஒன்றரை கிலோமீட்டர் எங்கள் டீசல்.

ஆகையால் உங்களுடையது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். கோடே தப்பா, இல்லை கோடு சரியாக இருந்தும் டிரைவர் வரவில்லையா? இரண்டாவதற்கு மேப்பில் மருந்து கிடையாது.

காரப்பாக்கத்தான், மார்ச் 4, இரவு 9.50

நல்ல கேள்வி. புக் செய்ததும் டிரைவர் வருகிற கோட்டைப் பார்த்தேன். கோடே மேற்குப் பக்கம் முடிகிறது. அப்படியென்றால் டிரைவர்கள் மேல் தப்பில்லை. திட்டிய நாலைந்து பேரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜி.பி.எஸ். தள்ளுகிறது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மாடி, பக்கத்தில் இன்னும் இரண்டு கண்ணாடிக் கட்டடங்கள். லிப்டில் இறங்கும்போதே புக் செய்கிற பழக்கம் வேறு. அம்மா போனில் `Precise Location` அணைந்து கிடந்தது (ஐபோன்). அது அணைந்திருந்தால் ஆப்புக்கு நம் பேட்டை மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. போட்டுவிட்டேன். நாளை பார்க்கலாம்.

காரப்பாக்கத்தான், மார்ச் 5, காலை 10.20

பார்த்தாயிற்று. மேற்குப் பக்கம்தான்.

ரோஸ்டர்காரன், மார்ச் 5, மாலை 6.00

எங்கள் கம்பெனி ஊழியர்களுக்கு கேப் ரூட் போடுவது என் வேலை. பாதை கணக்கிட்டுத் தரும் ஓ.எஸ்.ஆர்.எம். சர்வரைச் சொந்தமாக வைத்திருக்கிறோம். எதிர்பக்கத் தொல்லைக்கு ஒரே ஒரு சொல் போதும், `curb`. போய்ச் சேரும் புள்ளிக்கு இதைக் கொடுத்தால் வண்டி பயணியின் பக்கமே வந்து நிற்கும்.

```
/route/v1/driving/80.2280,12.9300;80.2295,12.9150?approaches=unrestricted;curb
```

ஆப் கம்பெனிகள் இதைப் போடாமல் விட்டிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

வரைபடப் பித்து, மார்ச் 5, இரவு 11.30

ரோஸ்டர்காரன் சொன்னது பாதி சரி. மீடியன் இல்லாத இருவழி ரோட்டில் `curb` அருமையாக வேலை செய்யும். அங்கே மேப்பில் ஒரே கோடு, வண்டி இரண்டு திசையிலும் வரலாம், எந்தத் திசையில் வந்து நிற்பது என்பதுதான் கேள்வி. ஓ.எம்.ஆர். அப்படியில்லை. மேப்பில் அது இரண்டு தனி ஒருவழிக் கோடுகள். பின் எந்தக் கோட்டுக்குக் கிட்டே விழுகிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். தப்பான கோட்டில் ஒட்டிய பிறகு `curb` என்ன செய்யும்? அதில் ஒரு திசைதான் உண்டு. ஒட்டும்போதே திசையைக் கேட்க வேண்டும்:

```
...?bearings=;180,45
```

முதல் புள்ளிக்கு எதுவும் வேண்டாம், இரண்டாவது புள்ளி தெற்கு நோக்கி ஓடும் கோட்டில் மட்டும் ஒட்டட்டும், 45 டிகிரி வரை முன்பின் இருக்கலாம் என்று அர்த்தம். இது சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. காரப்பாக்கத்தானுக்கு இதனால் ஒரு பைசா பயனில்லை.

அவருக்கு வேறு கணக்கு. திறந்த வெளியில் போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கூடப் பிசகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரப்பாக்கத்தில் மேப்பைப் பெரிதாக்கி அளந்து பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 18 மீட்டர். உங்கள் கேட் கிழக்குக் கோட்டிலிருந்து ஒரு 14 மீட்டர் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் எதிர்பக்கக் கோட்டில் ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். 14 கூட்டல் 9, அதாவது 23 மீட்டர். அதுவும் மேற்குத் திசையிலேயே, பத்தில் ஏழு முறை. ஜி.பி.எஸ். பிசகினால் எல்லாப் பக்கமும் பிசகும். ஒருநாள் கிணற்றடி, ஒருநாள் பார்க்கிங் என்று காட்டும். தினமும் ஒரே இடத்தைத் தப்பாகக் காட்டுகிறதென்றால் அது பிசகல்ல, எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது.

நீங்கள் புக் செய்யும்போது இருக்கும் இடத்தை எடுக்கச் சொல்கிறீர்களா, சேமித்து வைத்த `Home` பட்டனைத் தட்டுகிறீர்களா?

காரப்பாக்கத்தான், மார்ச் 5, இரவு 11.41

`Home`.

ஐயோ.

காரப்பாக்கத்தான், மார்ச் 6, காலை 8.15

ராத்திரி தூக்கமில்லை, அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

காலையில் கேட்டில் நின்று கூகுள் மேப்பில் விரலை அழுத்திப் பிடித்து எண்களை எடுத்தேன். வீட்டு முகவரியைப் பொதுவில் போட வேண்டாம் என்பதால் தீர்க்கரேகையின் கடைசிப் பகுதியை மட்டும் சொல்கிறேன். கேட் …95. ஆப்பில் சேமித்த `Home` எங்கே இருக்கிறதோ அதே இடத்தை மேப்பில் பெரிதாக்கிக் கண்டுபிடித்து எடுத்த எண் …91. நான்காவது தசம இடத்தில் ஒன்று மாறினால் நம் ஊரில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 11 மீட்டர். நாலு வித்தியாசம், 43 மீட்டர். அந்த இடத்தில் இருப்பது என்ன தெரியுமா? டீக்கடை.

இரண்டு வருஷத்துக்கு முன் வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் கேட் சாவியோடு வர நேரமாகிவிட்டது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வீடு பிடித்துப்போய், திரும்ப வந்து இன்னொரு டீ குடித்துக்கொண்டே "இனிமேல் இதுதான்" என்று `Home`-ஐ அங்கேயே மாற்றிச் சேமித்தேன். இருக்கிற இடத்தை எடுத்துக்கொண்டது. முகவரி என்று ஆப் காட்டியதும் ஓ.எம்.ஆர்., காரப்பாக்கம் என்று பொதுவாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கப்புறம் எத்தனை முறை பின்னைக் கையால் இழுத்துச் சரி செய்திருப்பேன்! அந்தத் திருத்தம் அந்த ஒரு டிரிப்போடு போய்விடுகிறது. சேமித்தது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எப்போதாவது டிரைவர் சரியான பக்கம் வந்தாரே, அந்த மூன்று தடவையும் நான் பின்னை இழுத்த நாட்கள்தான் போலிருக்கிறது.

ஆக, ஆப் சதி செய்யவில்லை. சதிகாரன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மஞ்சள் போர்டு, மார்ச் 6, காலை 8.40

அந்தக் கடை டீ நன்றாக இருக்கும் சார், உங்களைக் குறை சொல்ல முடியாது.

காரப்பாக்கத்தான், மார்ச் 6, இரவு 10.00

சரி செய்த விதம். பழைய `Home`-ஐத் திருத்தவில்லை, நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். முதலில் பின்னைக் குடியிருப்பின் நடுவில், எங்கள் பிளாக் மேலேயே வைத்தேன். கிழக்கே எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு பத்திரம் என்று கணக்கு. அதுவும் தப்பு. எங்கள் பிளாக்குக்குப் பக்கத்தில் இருப்பது ஓ.எம்.ஆர். அல்ல, பின்பக்கச் சந்து. அங்கே சுவர்தான் உண்டு, கேட் கிடையாது. சோதனைக்குப் பாதை போட்டால் கோடு சந்துக்குள் போய் முடிந்தது. ஆகவே பின்னைத் திரும்ப மேற்கே கொண்டுவந்து, இரண்டு ரோட்டுக் கோடும் தனித்தனியாகத் தெரிகிற அளவு பெரிதாக்கி, கிழக்குக் கோட்டின் ஓரத்தில், கேட்டுக்கு ஒரு கார் நீளம் வடக்கே வைத்தேன். வண்டி வடக்கிலிருந்துதானே வரும், கேட்டைப் பார்த்து பிரேக் போட இடம் வேண்டும்.

சோதனைக்கு கேப் புக் செய்ய வேண்டியதில்லை. கூகுள் மேப்பில் அதே புள்ளிக்குக் கார் வழி கேட்டேன். முதலில் வடக்கே துரைப்பாக்கத்திலிருந்து: நேராக வந்து நின்றது. அப்புறம் தெற்கே சோழிங்கநல்லூரிலிருந்து. இதுதான் முக்கியமான பரீட்சை. அங்கிருந்து வருகிற கோடு கேட்டைத் தாண்டி வடக்கே போய், யூ டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். வந்தது. பழைய டீக்கடைப் புள்ளியையும் போட்டுப் பார்த்தேன், சோழிங்கநல்லூரிலிருந்து திரும்பாமல் நேரே போய் முடிந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

வரைபடப் பித்து, மார்ச் 7, காலை 6.50

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சோதித்தது கூகுள் மேப்பில். உங்கள் ஆப் எந்த மேப் வைத்திருக்கிறது என்று திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். வேறு மேப்பாக இருந்தால் அங்கே யூ டர்ன் வேறு இடத்தில் இருக்கலாம். மெட்ரோ வேலையில் மீடியன் வெட்டுகளை அடைப்பதும் திறப்பதுமாக இருக்கிறார்கள்.

காரப்பாக்கத்தான், மார்ச் 14, இரவு 9.30

எட்டு நாள், ஆறு டிரிப். ஆறுமே கேட்டில். அம்மா டிரைவர்களுக்கெல்லாம் நன்றி சொல்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

காரப்பாக்கத்தான், மார்ச் 17, மாலை 7.20

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இன்று சித்தி வந்திருந்தார். திரும்பிப் போக அவர் போனிலிருந்தே புக் செய்தார். அதில் `Home` வேளச்சேரி. ஆகவே எங்கள் குடியிருப்பின் பெயரைத் தட்டச்சு செய்தார். டிரைவர் பின்பக்கச் சந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பெயருக்கென்று மேப்பில் தனியாக ஒரு புள்ளி இருக்கிறது, அது வளாகத்தின் நட்டநடுவில். கூகுள் மேப்பில் `Suggest an edit` கொடுத்து இடத்தைக் கேட்டுக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். கேட்டையும் பெயர்ப் பலகையையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துச் சேர்த்தேன். ஆப் அதை எடுத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை.

ரோஸ்டர்காரன், மார்ச் 18, காலை 11.10

`bearings` போட்டுப் பார்த்தேன். பெருங்குடி, கந்தன்சாவடி எல்லாம் சரியாகிவிட்டன. வரைபடப் பித்துக்கு ஒரு டீ. காரப்பாக்கம் கடையில் அல்ல.

ஆனால் ஒரு பயம். பல ஆப்கள் பழைய டிரிப்களில் ஆட்கள் எங்கே ஏறினார்கள் என்று பார்த்து பிக்கப் இடத்தைப் பரிந்துரை செய்கின்றன. உங்கள் குடியிருப்புக்காரர்கள் வருஷக்கணக்கில் ரோட்டைத் தாண்டிப் போய் ஏறியிருந்தால் அது டீக்கடையைத்தான் பரிந்துரைக்கும். எல்லோரும் ஒரு மாதம் தாண்டாமல் பிடிவாதமாக நின்றால் மாறும்.

மஞ்சள் போர்டு, மார்ச் 18, மதியம் 1.00

ஒரு மாதம் பிடிவாதமாக நின்றால் எங்கள் பக்கம் கேன்சல்தான் கூடும். நடக்கிறதைப் பேசுங்கள்.

இதற்கு முன் ஒன்று கேட்கிறேன். காரப்பாக்கத்தான் அடையாறு போவதாக இருந்தால் எந்தப் பக்கம் ஏறுவார்?

காரப்பாக்கத்தான், மார்ச் 18, இரவு 10.15

யோசிக்க வைத்துவிட்டீர்கள். கேட்டில் ஏறினால் வண்டி தெற்கே போய் யூ டர்ன் எடுத்து, எதிரே டீக்கடையைக் கடந்துதான் அடையாறு போகும். காலை நெரிசலில் அந்தச் சுற்றுக்கே பதினைந்து நிமிஷம், அந்தத் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம். தினமும் ஆபீஸ் போகிற எனக்கு 'தப்பான' பக்கம்தான் சரியான பக்கம். கொஞ்சம் தள்ளி நடை மேம்பாலம் இருக்கிறது, எனக்கு ஆறு நிமிஷம். அம்மாவுக்கு அந்தப் படிகள் ஆகாது.

ஆகையால் இப்போது ஆப்பில் இரண்டு சேமிப்பு. `Home` கேட். இன்னொன்றுக்குப் பெயர் டீக்கடை, பழைய …91-ஐயே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வடக்கே நான் தனியாகப் போனால் டீக்கடை. அம்மா கூட வந்தால் எங்கே போவதானாலும் கேட்.

கோவைக்காரி, மார்ச் 19, காலை 7.05

எல்லாம் சரி, என் மேம்பாலத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வரைபடப் பித்து, மார்ச் 19, காலை 9.40

பதில் இல்லாததால்தான் சொல்லவில்லை. நீளம் அகலம் மாறாமல் உயரம் மட்டும் மாறுகிற இடத்தில் பின்னை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாலத்தின் நிழலுக்கு வெளியே, ஒரு குறுக்குத் தெருவுக்குள் இருபது முப்பது மீட்டர் தள்ளி பின்னை வையுங்கள். அந்தத் தெருவுக்குக் கீழ் ரோட்டிலிருந்துதான் திரும்ப முடியும், ஆகவே கோடு கீழேயே வரும். குறுக்குத் தெரு பக்கத்தில் இல்லையென்றால் போன்தான்.

காரப்பாக்கத்தான், மார்ச் 26, இரவு 8.50

குடியிருப்பின் பெயர்ப் புள்ளி நேற்று கேட்டுக்கு வந்துவிட்டது, கூகுள் மேப்பில். ஆப்பில் இன்னும் நடுவிலேயே இருக்கிறது. சித்தியிடம் பெயரைத் தட்டாமல், நான் அனுப்பும் லொகேஷனைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று மாலை ஒரு டிரைவர் எதிர்பக்கம் நின்று கூப்பிட்டார். பதறிப்போய்ப் பார்த்தேன். பின் கேட்டில், கோடு யூ டர்ன் எடுத்துத்தான் வருகிறது. மஞ்சள் போர்டு சொன்ன இரண்டாவது ரகம். "அம்மாவுக்குக் கால் ஆபரேஷன், தாண்ட முடியாது, சுற்றி வந்துடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரேன் சார், ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுமா" என்றார்.